பதில் மெயில் முதலில் யார் கண்ணில் படும்?

சீட்டு, நகைக்கடன், வீட்டுச் செலவு பற்றி எழுதுகிறவள் நான். எனக்கு வரும் மெயில்கள் கணக்கில் தொடங்கி வேறெங்கோ போய் முடியும். போன வருஷம் காசிமேட்டிலிருந்து ஒரு பெண் எழுதினார். ஏலச்சீட்டைப் பாதியில் நிறுத்தினால் கட்டிய பணம் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒரே ஒரு வரி: "சம்பளத்தை அவரே வாங்கிக்கிறார், கேட்டா அடிக்கிறார் அக்கா."

பதறிப்போய் அன்றிரவே ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். தலைப்பு வரியையும் "அடியைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள்" என்று மாற்றினேன். மூன்று வாரம் கழித்து வேறொரு மெயிலிலிருந்து பதில் வந்தது: "அந்த போன் அவர் கையிலதான் இருக்கும். இனி அதுக்கு அனுப்பாதீங்க அக்கா."

பல போன்களில் பூட்டைத் திறக்காமலே அனுப்பியவர் பெயரும் தலைப்பும் முதல் வரியும் தெரியும். அதோடு, அவர் எழுதிய மெயில் நம் பதிலுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு போகும். அவர் பயந்து அழித்ததை நாமே திருப்பி அனுப்பிவிடுகிறோம். இப்போதெல்லாம் அவர் வைத்த தலைப்பை, அது சாதாரணமாக இருந்தால், அப்படியே விடுகிறேன். கீழே இருப்பதை அழித்துவிட்டு, "சீட்டு பற்றி விவரமாக எழுத வேண்டும், எந்த மெயிலுக்கு, எப்போது அனுப்பலாம்?" என்று மட்டும் கேட்கிறேன்.

"வீட்டை விட்டு வந்துடும்மா" என்று அந்த முதல் பதிலில் எழுதியது அதைவிடப் பெரிய தப்பு. அடிக்கிறவரை விட்டுப் பிரியும் நேரத்தில்தான் ஆபத்து கூடும். குழந்தைகள், ஆதார் அட்டை, இரவு தங்க இடம் எதுவும் தெரியாமல் நான் சொல்லக்கூடிய வார்த்தை இல்லை அது. பெண்களுக்கான 181 எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம். பத்து எண்களை அடுக்காமல் இந்த ஒன்றைத்தான் கொடுக்கிறேன், அதுவும் பாதுகாப்பான மெயில் என்று தெரிந்த பிறகு. கூப்பிட்ட எண் போனில் பதிவாகி நிற்கும், நம்பிக்கையான வேறொருவர் போனில் பேசுவது நல்லது என்றும் சேர்த்து எழுதுகிறேன்.

"எப்ப வேணா எழுதுங்க, நான் இருக்கேன்" என்றும் எழுதியிருந்தேன். நடுராத்திரி அவர் எழுதினால் தண்டையார்பேட்டையில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன். "மெயிலை இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் பார்ப்பேன், ஆலோசனை சொல்லும் பயிற்சி எனக்கு இல்லை" என்று இப்போது முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சொன்னதற்காக யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

"வாழவே பிடிக்கலை" என்று வரும் மெயிலை மட்டும் பார்த்த நிமிஷமே எடுக்க வேண்டும். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனநல உதவி எண்ணான 14416-ல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108.

காசிமேட்டுப் பெண்ணுக்குப் பதில் எழுதிய அந்தப் பதற்றத்தில் ஒன்றை மறந்தே போனேன். அவர் கேட்டது சீட்டைப் பற்றி. இரண்டாவது மெயிலில்தான் கேட்டேன்: அது பதிவு செய்த சீட்டா, பணம் கட்டிய ரசீதெல்லாம் யார் கையில் இருக்கிறது?