‘அனுப்பிவிடவும்’ என்று எழுதியிருந்தேன்

பேராசிரியையிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கும் மெயிலை அனுப்பும் முன் ஒருமுறை வாய்விட்டு வாசித்தேன். நல்லவேளை!

‘ஹாய் மேம்’ என்பதை ‘மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு’ என்று மாற்றுவது ஒரு நிமிட வேலை. உறுத்தியது மூன்றாவது பத்தியில் ஒளிந்திருந்த ‘வெள்ளிக்குள் கடிதத்தை அனுப்பிவிடவும்’ என்ற வரிதான். பணிவாக எழுதியதாகத்தான் நினைத்திருந்தேன். காதில் உத்தரவாக விழுந்தது. எந்த வெள்ளி, யாருக்கு அனுப்புவது என்பதும் இல்லை.

சரி என்று அதை மேலே ஏற்றி இப்படி எழுதினேன்: ‘சென்ற பருவத்தில் உங்களிடம் புள்ளியியல் படித்தேன். என் முதுகலை விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதம் தர இயலுமா? பல்கலைக்கழகத் தளத்தில் நீங்களே பதிவேற்ற வேண்டும். கடைசி நாள் மார்ச் 20. மதிப்பெண் பட்டியலை இணைத்துள்ளேன். இயலாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள்.’

இணைப்பைச் சேர்க்க மறந்திருந்தேன் என்பது வேறு விஷயம்.