அடித்த விலைக்கு ஒரு பில் இருக்கட்டும்: தீபாவளித் தள்ளுபடி அட்டை எழுதும் முறை

சிறு ஜவுளிக் கடைகளுக்கு விலை அட்டை, வாட்ஸ்அப் செய்தி, இணையப் பக்கம் எல்லாம் எழுதித் தருவது என் வேலை. சில வருடம் முன்பு ஒரு கடையில், ‘₹1,800’ என்பதை அடித்துப் பக்கத்தில் ‘₹890’ என்று போட்ட காட்டன் புடவையை ஒரு அம்மா கையில் எடுத்தார். கைப்பையிலிருந்து ஒரு பழைய பில்லையும் எடுத்தார். “தம்பி, நவராத்திரிக்கு இதே புடவையை இங்கதான் தொள்ளாயிரத்துத் தொண்ணூறுக்கு வாங்கினேன். ஆயிரத்து எண்ணூறுக்கு யாருக்குப்பா வித்தீங்க?” அந்த அட்டையை எழுதியது நான். பதில் இல்லை. அதன் பிறகு பில்லைப் பார்க்காமல் ஒரு விலையையும் நான் அடித்ததில்லை.

அந்தப் புடவையையே எடுத்துக்கொண்டு படிப்படியாகச் செய்து பார்ப்போம்.

1. முதலில் பில் புத்தகம்

தள்ளுபடி அக்டோபர் 5ஆம் தேதி தொடங்குகிறது என்று வையுங்கள். அதற்கு முந்தைய 30 நாள் பில்களை எடுங்கள். பில்லிங் மென்பொருள் இருந்தால் பொருள் வாரியான விற்பனை அறிக்கையே போதும். நம் புடவையின் கணக்கு இப்படி இருந்தது: செப்டம்பர் 5 முதல் 21 வரை ₹1,100க்கு 4 புடவை. நவராத்திரி நாட்களில் ₹990க்கு 11 புடவை. அக்டோபர் 3, 4 தேதிகளில் மறுபடி ₹1,100 அட்டை, ஆனால் ஒன்றும் விற்கவில்லை.

இந்தியச் சட்டத்தில் இத்தனை நாள் என்று எண்ணிக்கை கிடையாது. 30 நாள் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. அங்கே விலைக் குறைப்பு என்று அறிவித்தால், அதற்கு முந்தைய 30 நாட்களிலாவது இருந்த மிகக் குறைந்த விலையைத்தான் ‘முந்தைய விலை’ என்று காட்ட வேண்டும். நம்மைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் இதை அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். ஏனென்றால் தள்ளுபடிக்கு இரண்டு நாள் முன்பு விலையை ஏற்றிவிட்டு, பிறகு இறக்கிக் காட்டும் வழியை இது அடைத்துவிடுகிறது. நம் கணக்கில் அக்டோபர் 3, 4 அட்டை அந்த வகைதான்.

ஆக, அடிக்க வேண்டிய விலை ₹990.

2. அது யாருடைய விலை என்று எழுதுங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருள் வழக்கமாக விற்கும் விலை பற்றி மக்களைத் தவறாக நம்ப வைப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. கூடவே முக்கியமான ஒன்றையும் சொல்கிறது: நீங்கள் காட்டும் விலை உங்கள் கடையின் பழைய விலை என்று தெளிவாகச் சொல்லாவிட்டால், சந்தையில் மற்றவர்கள் பொதுவாக விற்கும் விலையைச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளப்படும். வெறுமனே ஒரு எண்ணை அடித்து விட்டால், ஊரெல்லாம் அந்த விலைக்குத்தான் விற்கிறார்கள் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டி வரலாம். “எங்கள் கடையின் முந்தைய விலை” என்று எழுதிவிட்டால் உங்கள் பில்லே சாட்சி.

எம்.ஆர்.பி. வேறு சங்கதி. பாக்கெட்டில் வரும் வேட்டியில் எம்.ஆர்.பி. ₹1,500 என்று அச்சாகியிருக்கிறது, வருடம் முழுக்க நீங்கள் ₹1,050க்குத்தான் விற்கிறீர்கள் என்றால் 1,500 உங்கள் முந்தைய விலை ஆகாது. “எம்.ஆர்.பி. ₹1,500, எங்கள் விலை ₹1,050” என்று எழுதலாம், அது உண்மை. “தீபாவளித் தள்ளுபடி” என்று அதன் மேல் எழுத முடியாது, பண்டிகைக்காக எதுவும் குறையவில்லையே. எம்.ஆர்.பி.யில் எல்லா வரியும் அடக்கம் என்பதால், கழிவு போக வந்த தொகையின் மேல் ஜிஎஸ்டி தனியாகச் சேர்க்கவும் கூடாது. குறைத்த எம்.ஆர்.பி.யை ஸ்டிக்கராக ஒட்டலாம், ஆனால் பழைய எம்.ஆர்.பி.யை அது மறைக்கக் கூடாது. இது பாக்கெட் பொருள் விதி.

3. சதவீதம்

தீபாவளி விலை ₹890. குறைத்தது 100 ரூபாய். 100ஐ 990ஆல் வகுத்தால் 10.1 சதவீதம், 10% என்று எழுதுங்கள். எப்போதும் கீழ்ப்பக்கமாகவே முழுமையாக்குங்கள். 1,100ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 19% வரும், முதலாளிக்கு ஆசையாகத்தான் இருக்கும். அப்படியானால் முழுக் கதையையும் அட்டையில் சொல்லிவிடுங்கள்: “செப்டம்பர் 21 வரை ₹1,100, நவராத்திரியில் ₹990, இப்போது ₹890.” சதவீதமே போடாத இந்த வரியை வாடிக்கையாளர்கள் நின்று படிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

4. அட்டை, வாட்ஸ்அப், இணையப் பக்கம்

அட்டையில் இப்படி எழுதினோம்:

“எங்கள் கடையின் முந்தைய விலை (நவராத்திரி) ₹990. தீபாவளி விலை ₹890. அக்டோபர் 5 முதல் 19 வரை. இந்த ரகத்தில் 60 புடவை உள்ளது.”

தேதியும் எண்ணிக்கையும் சும்மா இல்லை. நியாயமான காலத்துக்கும் நியாயமான அளவுக்கும் கொடுக்கும் எண்ணம் இல்லாமல் மலிவு விலை விளம்பரம் செய்வதையும் அதே சட்டம் தவறு என்கிறது. இரண்டு புடவையை வைத்துக்கொண்டு ஊரைக் கூட்டினால் மாட்டிக்கொள்வோம்.

வாட்ஸ்அப்பில் விலையின் இரு பக்கமும் `~` குறி போட்டால் கோடு விழும்: `~₹990~`. அதற்கு முன்னால் “முந்தைய விலை” என்ற சொல்லைக் கட்டாயம் சேருங்கள். இணையப் பக்கத்திலும் அப்படியே:

```html
எங்கள் முந்தைய விலை: <del>₹990</del>
தீபாவளி விலை: <ins>₹890</ins>
```

பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் பல நேரம் அந்தக் கோட்டைச் சொல்லாது, இரண்டு எண்களை மட்டும் வாசிக்கும். சொல் இருந்தால்தான் எது பழையது என்று அவர்களுக்குத் தெரியும்.

5. “50% வரை”

பெரிய பேனரில் இதை எழுதச் சொல்லிக் கேட்பார்கள். நான் முதலில் கேட்பது: 50% கழிவில் எத்தனை உருப்படி? ஒரு கடையில் எண்ணிப் பார்த்தபோது 400 ரகத்தில் 6 மட்டும்தான் 50%, மற்றதெல்லாம் 10 முதல் 15. பேனரை “10% முதல் 15% வரை, தேர்ந்தெடுத்த 6 ரகங்களுக்கு 50%” என்று மாற்றினோம். ‘வரை’ என்ற சொல்லைப் பொடி எழுத்தில் போடுவதும் கூடாது, எண்ணுக்குச் சமமான அளவில், அதே நிறத்தில் இருக்க வேண்டும்.

6. இறக்கும் நாள்

அக்டோபர் 19 இரவு அட்டைகளைக் கழற்ற ஒரு ஆளை முன்பே சொல்லி வையுங்கள். இணையக் கடைக்கு WooCommerce மென்பொருளைப் பயன்படுத்தினால் சலுகை விலைக்குப் பக்கத்திலுள்ள `Schedule` என்பதில் முடிவுத் தேதியைக் கொடுத்துவிடலாம், தானே மாறிக்கொள்ளும். சரக்கு மிச்சமிருந்து அதே ₹890க்கு விற்பதானால் விற்கலாம், ஆனால் அடித்த ₹990ஐ எடுத்த பிறகு. இனி அதுதான் கடை விலை. அடுத்து பொங்கலுக்கு அட்டை எழுதும்போது பில் புத்தகத்தில் முதலில் தெரியப்போவது அந்த 890தான்.