இரண்டு அடுக்குச் சுவர் வழியே எவ்வளவு வெப்பம் போகிறது? ஒரு பேக்கரி அடுப்புக் கணக்கு

பட்டர்வொர்த்தில் ஒரு பேக்கரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே ரொட்டி சுடும் செங்கல் அடுப்பின் பக்கச் சுவர் இரண்டு அடுக்கு. உள்பக்கம் கனமான தீச்செங்கல். வெளிப்பக்கம் நுண்துளைகள் நிறைந்த, எடை குறைந்த வெப்பக்காப்புச் செங்கல். ஒவ்வொன்றும் 115 மில்லிமீட்டர் தடிமன், அதாவது ஒரு செங்கல்லின் அகலம். சுவரின் பரப்பு 2 சதுர மீட்டர். உள்முகம் 305 டிகிரி செல்சியஸ், வெளிமுகம் 65 டிகிரி. இந்தச் சுவர் வழியே எத்தனை வாட் வெளியேறுகிறது?

முதலில், அடுப்பு சீர்நிலைக்கு வந்துவிட்டதா?

இதைப் பார்க்காமல் கணக்கைத் தொடவே கூடாது. அடுப்பைப் பற்றவைத்த புதிதில் உள்ளே நுழையும் வெப்பத்தில் பெரும்பகுதி செங்கல்லைச் சூடாக்குவதிலேயே போய்விடும். வெளியே வருவது கொஞ்சம்தான். இவ்வளவு தடித்த சுவர் நிலைப்படப் பல மணி நேரம் பிடிக்கும். வெளிமுகத்தில் ஒரே இடத்தை அரை மணிக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். எண் ஏறிக்கொண்டே இருந்தால் இன்னும் ஆகவில்லை. ஏறுவது நின்ற பிறகுதான் முதல் அடுக்கில் நுழையும் வெப்பமும் இரண்டாம் அடுக்கைவிட்டு வெளியேறும் வெப்பமும் ஒன்றாகின்றன. இனி வரும் கணக்கு முழுவதும் அந்தச் சமத்தை நம்பித்தான் நிற்கிறது.

அளக்கும்போது ஒரு விஷயம். சுவருக்கு மேலே பளபளக்கும் எஃகுத் தகடு போர்த்தியிருந்தால், கையடக்க அகச்சிவப்பு வெப்பமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அது சுவரின் சூட்டுக்கு வந்ததும் அதன்மேல் அளந்தால் சரியாக வரும். தகட்டின் தடையைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை, அவ்வளவு சொற்பம்.

ஒவ்வொரு அடுக்கின் வெப்பத் தடை

தடிமனை மீட்டரில் எழுதி, அந்தப் பொருளின் வெப்பக் கடத்துதிறனால் வகுக்க வேண்டும். தீச்செங்கல்லுக்கு 1.15, வெப்பக்காப்புச் செங்கல்லுக்கு 0.23 என்று எடுத்துக்கொள்கிறேன் (வாட், மீட்டர், கெல்வின் அலகில்). கடத்துதிறன் வெப்பநிலையோடு மாறும். ஆகவே தயாரிப்பாளரின் அட்டவணையில் அறை வெப்பநிலைக்கான எண்ணை எடுக்காமல், அந்த அடுக்கின் சராசரிச் சூட்டுக்கு உரியதை எடுங்கள்.

```
R1 = 0.115 / 1.15 = 0.1
R2 = 0.115 / 0.23 = 0.5
R  = R1 + R2      = 0.6   m²K/W
```

கூட்ட வேண்டியது தடைகளைத்தான். கடத்துதிறன்களைச் சராசரி எடுப்பது மாணவர்களிடம் அடிக்கடி பார்க்கும் குறுக்குவழி: (1.15 + 0.23) / 2 = 0.69, மொத்தத் தடிமன் 0.23, ஆக தடை 0.33. விடை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும்.

வெப்ப ஓட்டம்

```
q = (305 - 65) / 0.6 = 400 W/m²
Q = 400 × 2          = 800 W
```

அடுப்பு சீர்நிலையில் 8 மணி நேரம் இருந்தால், இந்த ஒரு சுவர் வழியே மட்டும் 6.4 கிலோவாட்-மணி போகிறது. மூலைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது; அங்கே வெப்பம் பக்கவாட்டிலும் ஓடும்.

நடுவில் என்ன சூடு?

இரண்டு செங்கல்லும் தொடும் இடத்தின் வெப்பநிலையைக் கண்டுபிடிப்பதுதான் விடையைச் சரிபார்க்கும் வழி. இரண்டு பக்கமிருந்தும் வாருங்கள்.

```
305 - 400 × 0.1 = 265
 65 + 400 × 0.5 = 265
```

ஒத்துப்போகவில்லை என்றால் கூட்டலிலோ அலகிலோ பிழை இருக்கிறது. பெரும்பாலும் மில்லிமீட்டரை மீட்டராக்க மறந்திருப்பார்கள்.

இந்த 265 வெறும் சரிபார்ப்பு எண் அல்ல. தடிமன் சமம், ஆனால் தீச்செங்கல் 40 டிகிரி மட்டுமே இறக்குகிறது. மீதி 200 டிகிரியையும் காப்புச் செங்கல் இறக்குகிறது. காப்புப் பொருள் 265 டிகிரியைத் தாங்க வேண்டும் என்பதும் இதிலிருந்துதான் தெரியும். இந்தச் செங்கல்லுக்குக் கவலையில்லை. செலவு குறையட்டும் என்று அந்த இடத்தில் தெர்மோகோல் பலகையை வைத்தால் உருகிப் போகும்.

இரண்டு அடுக்கும் இடைவெளியின்றி ஒட்டியிருப்பதாகவே கணக்கிட்டோம். இடையில் காற்று சிக்கியிருந்தால் அதுவும் ஒரு தடை; உண்மை இழப்பு 800 வாட்டுக்குக் கீழே வரும்.

காப்புச் செங்கல்லை எடுத்துவிட்டால்?

பலர் உடனே 240 / 0.1 = 2400 என்று எழுதுவார்கள். தவறு. 65 டிகிரி என்பது இந்தச் சுவர் உண்டாக்கிய எண், சுவரை மாற்றினால் அதுவும் மாறும். மாறாமல் இருப்பது பேக்கரியின் காற்று. 30 டிகிரி என்று வைப்போம். இப்போது சதுர மீட்டருக்கு 400 வாட் சுவர்முகத்திலிருந்து காற்றுக்கு இறங்க 35 டிகிரி தேவைப்படுகிறது. ஆக அந்தக் காற்றுப் பக்கத்துத் தடை 35 / 400, சுமார் 0.09. தீச்செங்கல் மட்டும் நின்றால் மொத்தத் தடை 0.19, உள்முகத்துக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் 305 - 30 = 275 டிகிரி, ஆக இழப்பு சதுர மீட்டருக்குச் சுமார் 1450 வாட். முகம் சூடாகச் சூடாகக் காற்றுப் பக்கத்துத் தடை இன்னும் குறையும் என்பதால் உண்மை எண் இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். சுவரின் வெளிமுகமும் 100 டிகிரியைத் தாண்டிவிடும், தெரியாமல் கைபட்டால் கொப்புளம்தான்.