றிப் சுவிச் விழவில்லை என்று இருந்துவிடாதீர்கள்

கொக்குவிலில் மாமி வீட்டுக் குசினியில் காலையில் மீன் வெடுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. மாமி சிங்கைக் கழுவினார், குப்பை வாளியைக் கழுவினார், பக்கத்து வீட்டுப் பூனையையும் சந்தேகித்தார். வெள்ளிக்கிழமை, மச்சம் சமைக்காத நாளிலும் அதே வெடுக்கு. கேத்தல் போட்டால்தான் வருகிறது என்பதை யாரும் கவனிக்கவில்லை.

பிளக் பொயின்ற் செய்யும் சிலவகைக் கெட்டிப் பிளாஸ்டிக் சூடேறினால் மீன் வெடுக்குப் போலத்தான் மணக்கும். ரப்பர் எரிந்த மணம் வந்தால்தான் கறண்ட் பிரச்சினை என்று நினைப்பது முதல் தவறு. போய்ப் பார்த்தபோது பிளேற்றின் இடது துளையோரம் தேயிலைச் சாயம் பட்டதுபோல் மண்ணிறம். மாமி அதை அழுக்கென்று சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் இருந்தார்.

"றிப் சுவிச் விழேல்லையே தம்பி, பிறகென்ன?" என்றார். எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்வி இது. றிப் சுவிச் பார்ப்பது மின்சாரம் ஏர்த்துக்கோ ஆளுக்கோ கசிகிறதா என்பதை. பிரேக்கர் பார்ப்பது அளவுக்கு மிஞ்சி ஓடுகிறதா என்பதை. தளர்ந்த இணைப்பில் இரண்டும் நடப்பதில்லை. மாமியின் கேத்தல் 2200 வாற். 230 வோல்ற்றில் ஏறக்குறைய 9.5 அம்பியர் இழுக்கும். ஆணி தளர்ந்த இடத்தில் அரை ஓம் தடை இருந்தாலே அங்கு 45 வாற் சூடு பிறக்கும். ஈயம் ஒட்டும் அயன் ஒன்றைச் சுவருக்குள் வைத்து மூடியதுபோல. கேத்தலுக்கோ நூற்றுக்கு நாலு பங்குதான் குறையும். தண்ணீர் வழமைபோலக் கொதிக்கும், பிரேக்கரும் சும்மா இருக்கும்.

நிறம் மாறியதைக் கண்டபிறகு "இன்னொருக்காப் போட்டுப் பார்ப்போம்" என்று பார்க்கவேண்டாம். மெயினை இறக்கிவிடுங்கள். பொயின்றின் சுவிச்சை மட்டும் இறக்கினால் போதாது, அது பெரும்பாலும் லைவை மட்டுமே வெட்டும். பின்பக்கத்து வயரில் கறண்ட் அப்படியே நிற்கும். பற்றரியோடு சோலர் வைத்திருப்பவர்கள் அதையும் நிறுத்தவேண்டும். கழற்றும் வேலை வயரிங் தெரிந்தவருக்குரியது. ஆனால் அவர் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள், ஏனென்றால் பெரிய தவறு அங்கேதான் நடக்கிறது.

மாமி வீட்டில் மூன்று மாதத்துக்கு முன்பே ஒருவர் வந்து பிளேற்றை மாற்றியிருந்தார். புதுப் பிளேற்றும் அதே இடத்தில் கருகியது. கழற்றியபோது காரணம் தெரிந்தது. சதுரக்கால் 13 அம்பியர் பொயின்றை முன்னிருந்து பார்த்தால் வலது கீழ்த்துளை லைவ், இடது நியூட்ரல். நியூட்ரல் ஆணி செம்பைப் பிடிக்காமல் பாதி இன்சுலேசன் மேல் இறுகியிருந்தது. வயர் நுனி கறுத்து, மேலுறை இரண்டு அங்குலத்துக்கு மொறுமொறுத்துப் போயிருந்தது. அந்தக் கறுத்த நுனியையே புதுப் பிளேற்றிலும் பூட்டியிருக்கிறார்கள். கருகிய செம்பை எவ்வளவு இறுக்கினாலும் நல்ல தொடுகை வராது. பளபளக்கும் செம்பும் வளையும் உறையும் வரும்வரை வெட்டவேண்டும். வெட்டினால் வயர் கட்டையாகும், அதற்குச் சோம்பித்தான் வெட்டாமல் விடுகிறார்கள். முறுக்கி ரேப் சுற்றி நீட்டுவதும் வேண்டாம், புது 7/0.67 வயர் இழுப்பதே சரி. மாமிக்கு அப்படித்தான் செய்தோம், அரைநாள் போனது.

பிறகு கேத்தலின் பிளக்கைப் பார்த்தோம். ஒரு கால் கறுத்து, மேலே சிறு குழிகள். அந்தப் பிளக்கைப் புதுப் பொயின்றில் செருகினால் உள்ளே இருக்கும் பித்தளைப் பிடியும் சூடேறித் தன் இறுக்கத்தை இழந்துவிடும், சுற்று மறுபடி தொடங்கும். பொயின்றை மாற்றினால் பிளக்கையும் மாற்றுங்கள். வலப்பக்கம் கருகியிருந்தால் பிளக்கைத் திறந்து பியூஸ் பிடியையும் பாருங்கள். லைவ் கால் அதோடுதான் சேர்ந்திருக்கிறது. பியூசுக்குப் பதில் சிகரெட் பெட்டி ஈயத்தாள் சுற்றிய பிளக்குகளையும் கண்டிருக்கிறேன்.

பழைய வீடுகளில் இன்னொன்று. 5 அம்பியர் உருண்டைக்கால் பொயின்றில் மல்ரி பிளக் போட்டு அதில் கேத்தலைச் செருகுவார்கள். அங்கே ஆணி இறுக்கமாக இருந்தாலும் சுமை இரட்டிப்பு, சுவருக்குள் பெரும்பாலும் லைற்றுக்கு இழுத்த 1/1.13 வயர்தான். அதற்குக் கேத்தலை வேறு பொயின்றுக்குக் கொண்டுபோவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

மணம் வருகிறது, ஆனால் செருகிய பொயின்ற் சுத்தமாக இருக்கிறது என்றால், அதே வரிசையில் ஒன்றும் செருகாத பொயின்றுகளைப் பாருங்கள். வயர் ஒரு பொயின்றிலிருந்து அடுத்த பொயின்றுக்குத் தொடர்ந்து போகும். குசினிக் கேத்தலின் மின்சாரம் முழுவதும் அறைச் சுவரில் அலுமாரிக்குப் பின்னால் இருக்கும் வெறும் பொயின்றின் ஆணிகளைக் கடந்து வரலாம். மாமி வீட்டில் அலுமாரியையும் நகர்த்திப் பார்த்தோம். அங்கும் ஒரு ஆணி கால் சுற்று இறுகியது.