வெண்டர் அனுப்பிய பரிசைத் திருப்பும்போது உறவைக் கெடுக்கும் தவறுகள்

ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய நேரம். வெண்டரின் அக்கவுண்ட் மேனேஜரிடமிருந்து உங்கள் பெயருக்கு ஒரு பார்சல் வருகிறது, உள்ளே விலை உயர்ந்த ஹெட்ஃபோன். கம்பெனி விதிப்படி வாங்கக் கூடாது என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் எப்படிச் சொல்வது என்று யோசித்தே மூன்று நாள் ஓடிவிடுகிறது. முதல் தவறே இந்தத் தாமதம்தான். அன்றைக்கே சொன்னால் அது விதி. ஒரு வாரம் கழித்துச் சொன்னால், "நடுவில் என்ன நடந்தது, நம்மேல் ஏதாவது கோபமா?" என்று அவர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

அடுத்தது, ஒரு வார்த்தை சொல்லாமல் ரிசப்ஷனிலிருந்து பார்சலைத் திருப்பி அனுப்புவது. மூடிய பெட்டி அப்படியே அவர் ஆபீசுக்குப் போய், அவருடைய மேலதிகாரி முன்னால் இறங்கினால் அவருக்கு எப்படி இருக்கும்? முதலில் போனில் பேசுங்கள். நன்றி சொல்லிவிட்டு விதியைச் சொல்லுங்கள், பிறகு மெயில். அந்த மெயிலை அவர் தன் மேலதிகாரிக்கு அப்படியே காட்டும்படி இருக்க வேண்டும், ஏனென்றால் பரிசு ஏன் திரும்பி வந்தது என்று அவரும் பதில் சொல்லியாக வேண்டும்:

"வணக்கம் சார். பார்சல் கிடைத்தது, நினைவு வைத்து அனுப்பியதற்கு மிக்க நன்றி. எந்த வெண்டரிடமிருந்தும் பரிசு பெறக் கூடாது என்பது எங்கள் கம்பெனி விதி, எங்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். அதனால் இன்றே கூரியரில் திருப்பி அனுப்புகிறேன். தவறாக நினைக்க வேண்டாம்."

இதில் 'எந்த வெண்டரிடமிருந்தும்' என்பதுதான் முக்கியம், இவரை மட்டும் ஒதுக்கவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும். இதே மெயிலில் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசாதீர்கள். "புதுப்பிப்பு வேலை வழக்கம்போல நடக்கும்" என்று ஆறுதலாக எழுதினால்கூட, பரிசையும் ஒப்பந்தத்தையும் நீங்களே முடிச்சுப் போட்டதாகிவிடும். அதற்குப் பதிலாக, ஏற்கெனவே திட்டமிட்ட மீட்டிங்கில் எப்போதும்போலப் பேசுங்கள்.

"இப்போ வேண்டாம் சார், பிறகு பார்க்கலாம்" என்று மழுப்புவது பார்க்க மரியாதையாகத் தெரியும், ஆனால் கேட்பவருக்கு அது வேறு அர்த்தம். அடுத்த பார்சல் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். "எனக்குப் பிரச்சினை இல்லை, எங்க ஆடிட் ஆட்கள்தான்..." என்று இழுப்பதும் அதே கதைதான். இன்னொரு பக்கம், "இதையெல்லாம் நாங்கள் ஊக்குவிப்பதில்லை" என்று எழுதி, அவருடைய மேலதிகாரியையும் சிசி-யில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். லஞ்சம் கொடுத்தார் என்று குற்றம் சாட்டுவதுபோல் ஆகிவிடும் அது. (நிஜமாகவே பேரம் பேசும் தொனி தெரிந்தால் கதை வேறு, அப்போது வெண்டருக்கு எதுவும் எழுதாமல் கம்ப்ளையன்ஸ் டீமிடம் போய்விடுங்கள்.)

கெட்டுப்போகும் உணவுப் பொருளைத் திருப்பி அனுப்ப முடியாது. பல கம்பெனிகளில் பொதுவில் வைத்துப் பகிர அனுமதி உண்டு, ஆனால் முதலில் கம்ப்ளையன்ஸிடம் கேளுங்கள். பகிர்ந்துவிட்டு அனுப்பியவரிடம் சொல்லாமல் இருந்தால், நீங்கள் ஏற்றுக்கொண்டதாகவே அவர் கணக்கு வைத்துக்கொள்வார். திருப்பினாலும் பகிர்ந்தாலும் பரிசுப் பதிவேட்டில் தேதி, பொருள், என்ன செய்தீர்கள் என்பதை எழுதி, கூரியர் ரசீதையும் மெயிலையும் அதோடு சேர்த்து வையுங்கள்.