பொம்மை மறைந்த படத்தில் காலர் ஏன் ஒட்டு போட்டது போல் தெரிகிறது

பொம்மையை அழித்துவிட்டு ஆடை மட்டும் தானாக நிற்பது போல் காட்டும் படத்துக்காக, திருப்பூரில் ஒரு நேவி நீலக் காலர் டி-ஷர்ட்டைப் பொம்மைக்கு மாட்டிப் படம் எடுத்தேன். அடுத்த நாள் அதே டி-ஷர்ட்டை மேசையில் விரித்து, மேலிருந்து லேபிள் இருக்கும் உள் காலர்ப் பகுதியைப் படம் எடுத்தேன். இரண்டையும் சேர்த்துப் பொம்மையை அழித்தபோது டி-ஷர்ட் உருண்டையாக நின்றது, உள் காலர் மட்டும் அட்டை போல் தட்டையாக இருந்தது. ஃபோட்டோஷாப்பில் இரண்டு மணி நேரம் இழுத்துப் பார்த்தும் பயனில்லை. பெரும்பாலும் இந்தப் படம் கெடுவது கேமரா முன்னால்தான்.

கேமரா நெஞ்சு உயரத்தில் இருந்தால், பின்கழுத்து லென்ஸிலிருந்து சற்று தள்ளி நிற்கும். அதனால் உள் காலரின் நடுப்பகுதி தாழ்ந்து, இரண்டு தோள்பக்கமும் ஏறி, தொட்டில் போல் வளையும். மேசையில் கிடக்கும் துணிக்கு அந்த ஆழம் கிடையாது.

சரி, டி-ஷர்ட்டை உள்பக்கம் வெளியே திருப்பி, பொம்மைக்கே மாட்டி, முதுகைக் கேமராவுக்குக் காட்டி எடுக்கலாமே என்று பலர் செய்கிறார்கள். அவசரத்துக்கு ஒப்பேறும். ஆனால் அப்போது பின்கழுத்தின் நடுப்பகுதி கேமராவுக்கு அருகில் வந்துவிடுகிறது. குழிய வேண்டிய இடம் புடைக்கிறது, நிழல் விழ வேண்டிய இடத்தில் வெளிச்சம் விழுகிறது.

கழுத்துத் துண்டைத் தனியாகக் கழற்றும் பொம்மை இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இல்லாவிட்டால் நான் செய்வது இது. ஃபோம் போர்டைப் பொம்மையின் தோள் வடிவத்தில் வெட்டி, கழுத்துப் பகுதியில் ஆழமாக ‘ப’ எழுத்தைப் போல் ஒரு பள்ளம் எடுப்பேன். பொம்மையைக் கழற்றிவிட்டு, அதே ஸ்டாண்டில், அதே தோள் உயரத்தில் போர்டை நிறுத்தி டி-ஷர்ட்டை மாட்டுவேன். முதுகுத் துணியை, லேபிளுக்குக் கீழே, பின்னாலிருந்து ஒரு கிளிப்பால் பிடித்து, கழுத்தின் தடிமன் அளவுக்குப் பின்னோக்கி நூலால் இழுத்துக் கட்டுவேன். பள்ளத்தின் வழியே நெக் டேப்பும் லேபிளும் அவை இருக்க வேண்டிய ஆழத்திலேயே தெரியும்.

இதற்கிடையில் ட்ரைபாட், ஜூம், விளக்கு எதையும் தொடக்கூடாது. ஸ்டாண்டின் கால்களைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டிவையுங்கள். எக்ஸ்போஷரும் ஒயிட் பேலன்ஸும் ஆட்டோவில் இருந்தால், போர்டின் வெள்ளையைப் பார்த்ததும் கேமரா இரண்டாவது படத்தை இருட்டாக்கிவிடும், நேவி கறுப்பாகிவிடும். இரண்டையும் மேனுவலில் பூட்டுங்கள். முன்பக்கக் காலரும் பின்பக்க லேபிளும் ஒன்றாகக் கூர்மையாக இருக்க f/8 முதல் f/11 வரை வைக்கலாம். நாற்பது டி-ஷர்ட் இருந்தாலும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு படத்தையும் அடுத்தடுத்தே எடுத்துவிடுவது என் பழக்கம். மொத்தப் பொம்மைப் படங்களையும் முடித்துவிட்டு உள் காலருக்கு வருவதற்குள் ஏதாவது ஒன்று நகர்ந்திருக்கும்.

அப்புறம் ஃபோட்டோஷாப். பொம்மைப் படம் மேல் லேயர், உள் காலர்ப் படம் கீழ் லேயர். கழுத்தை இரேசரால் தேய்த்து அழிக்காதீர்கள். காலர் விளிம்பின் தையலும் சேர்ந்து போய்விடும், திரும்ப வராது. Pen Tool-ஆல் டி-ஷர்ட்டின் விளிம்பை ஒட்டிப் பாதை போட்டு, கழுத்து, பின்னணி என டி-ஷர்ட்டைத் தவிர எல்லாவற்றையும் லேயர் மாஸ்க்கால் மறையுங்கள். கீழ் லேயரில் உள் காலர் மட்டும் இருக்கும்படி மற்றதையும் அப்படியே மறைத்துவிடுங்கள். இரண்டு காலரும் தோள்பக்கம் சந்திக்கும் இடம்தான் கவனிக்க வேண்டியது. அங்கே கோடு உடையாமல் ஒரே வளைவாக ஓட வேண்டும். சிறு விலகலுக்கு Edit > Transform > Warp போதும். லேபிளின் எழுத்தைப் பார்த்துக்கொண்டே இழுங்கள். எழுத்து நெளிய ஆரம்பித்தால், அது மறுபடியும் எடுக்க வேண்டிய படம்.

எல்லாம் பொருந்தியும் ஒட்டு போலவே தெரிந்தால், அநேகமாக நிழல் இல்லை. உண்மையில் முன்பக்கக் காலர் உள்ளே விழும் வெளிச்சத்தை மறைக்கும். உள் காலர் லேயருக்கு மேலே ஒரு புதிய லேயர் போட்டு, அதை உள் காலர் லேயருக்கே கிளிப் செய்து, Multiply-க்கு மாற்றி, மென்மையான பிரஷ்ஷின் Opacity-யை 20% அளவில் வைத்து, முன் காலர் விளிம்பை ஒட்டிக் கீழிருந்து மேலே தேயும்படி பூசுங்கள். கறுப்பு வேண்டாம், சாம்பல் பூத்ததுபோல் ஆகும். துணியின் மடிப்பிலிருந்தே இருண்ட நேவியை எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைப் பின்னணியில் சேமிப்பதற்கு முன், எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அடர் சிவப்பு லேயரைப் போட்டுப் பாருங்கள். பொம்மையின் தோல்நிற ஓரம், கைத்துளைக்குள் மிஞ்சிய துண்டு, காலர் மூலையில் எட்டிப்பார்க்கும் போர்டு, எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.