வெப்பி வடிவ ஸ்கிரீன்ஷாட்டுகள்: மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்ட்ராய்டு கைப்பேசியின் சொந்த ஸ்கிரீன்ஷாட் வசதி பெரும்பாலும் பிஎன்ஜி அல்லது ஜேபெக் கோப்பாகவே படத்தைச் சேமிக்கும். ஆனால் தனியாக நிறுவிக்கொள்ளும் சில ஸ்கிரீன்ஷாட் செயலிகளில் வெப்பி என்ற மூன்றாவது தேர்வும் இருக்கிறது. கோப்பு சிறியதாக வருவதால் பலர் அதை யோசிக்காமல் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். கூகுள் 2010-இல் வெளியிட்ட இந்த வடிவத்தை இன்றைய உலாவிகள் அனைத்தும் திறக்கும். மற்ற மென்பொருள்கள் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தன: போட்டோஷாப் 2022 பிப்ரவரியில் வந்த 23.2 பதிப்பிலும், லிப்ரே ஆபீஸ் அதே ஆண்டு வந்த 7.4 பதிப்பிலும்தான் வெப்பியை நேரடியாக ஏற்றன. அதற்கு முந்தைய பதிப்புகளை வைத்திருப்பவர்கள் படத்தை மாற்றித்தான் ஆக வேண்டும்.

கைப்பேசிப் பயிற்சிக் குறிப்பேடுகள் தயாரிக்கப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் தொடக்கத்தில் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கிறேன். யாரும் தாமே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும் சில்லறைப் பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

பெயரை மாற்றிவிட்டு வடிவத்தை மாற்றியதாக நம்புவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். கோப்பின் பெயரில் `.webp` என்பதை அழித்து `.png` என்று எழுதுவதால் உள்ளே இருக்கும் ஒரு பைட்டுகூட மாறுவதில்லை என்பது சொன்னால் எவருக்கும் புரிகிறது. இருந்தும் இது தொடர்வதற்குக் காரணம், பெயர் மாற்றிய கோப்பு மாற்றியவரின் கணினியில் ஒழுங்காகத் திறந்துவிடுவதுதான். உலாவிகளும் புதிய படக்காட்டிகளும் பெயரின் வாலைப் பொருட்படுத்தாமல் கோப்பின் முதல் சில பைட்டுகளைப் பார்த்து, அது வெப்பி என்று தாமே அறிந்து காட்டிவிடுகின்றன. பழைய மென்பொருளோ பெயரை நம்பிப் பிஎன்ஜி என்று படிக்கத் தொடங்கி, எதிர்பார்த்த தொடக்கம் இல்லாததால் கோப்பு பழுதடைந்துள்ளது என்று அறிவிக்கிறது.

ஒரு முறை முதியோருக்கான குறிப்பேடு ஒன்றுக்கு இரண்டு கைப்பேசிகளிலிருந்து ஸ்கிரீன்ஷாட்டுகள் வந்தன. ஒன்று அசல் பிஎன்ஜி கொடுத்தது. மற்றொன்றிலிருந்து வந்த வெப்பிப் படங்களுக்கு, எங்களுடன் புதிதாகச் சேர்ந்த இளைஞர் பெயரை மட்டும் மாற்றி, எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் வரிசை எண் இட்டு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார். அங்கிருந்த பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் சில படங்கள் உள்ளே சென்றன, சில செல்லவில்லை. எல்லாமே மறுக்கப்பட்டிருந்தால் காரணம் உடனே தெரிந்திருக்கும். பாதி ஏற்கப்பட்டதால் பென் டிரைவின் மீதும், படத்தின் அளவின் மீதும், கோப்புப் பெயரிலிருந்த இடைவெளியின் மீதும் சந்தேகம் போனது. “என் கணினியில எல்லாம் நல்லாத் திறக்குதே சார்” என்று அந்த இளைஞர் சொன்னதும் உண்மைதான். அதற்குள் அச்சகத்தில் எங்கள் முறை போய், அடுத்தவரின் கல்யாணப் பத்திரிகை இயந்திரத்தில் ஏறிவிட்டது.

இதைக் கண்டறிய ஒரு நிமிடம் போதும். ஐயத்துக்குரிய கோப்பை நோட்பேடில் திறந்தால், புரியாத எழுத்துகளின் குவியலுக்கு முன்னால் அதன் அடையாளம் தெரியும். அசல் பிஎன்ஜியில் ஒரு விசித்திர எழுத்தை அடுத்து `PNG` என்று இருக்கும். வெப்பியில் `RIFF` என்று தொடங்கி, நான்கு பைட்டுகள் கழித்து `WEBP` என்று இருக்கும். பார்த்தபின் சேமிக்காமல் மூட வேண்டும். லினக்ஸ் அல்லது மேக் கணினியில் `file` என்ற கட்டளை கோப்புறை முழுவதையும் ஒரே நேரத்தில் காட்டிவிடும்:

```
$ file *.png
04.png: PNG image data, 1080 x 2400, ...
07.png: RIFF (little-endian) data, Web/P image
```

இங்கே 07 என்பது வேடமிட்ட கோப்பு. அதன் பெயரை முதலில் `.webp` என்று திருப்பி வைத்துவிட்டுப் பிறகு மாற்ற வேண்டும். இல்லையென்றால் `*.webp` என்று தேடி மொத்தமாக மாற்றும் கட்டளைகள் அதைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும்.

மாற்றுவதற்கு, வெப்பியை உருவாக்கியவர்களே தரும் கருவித்தொகுப்பில் உள்ள `dwebp` போதுமானது. அது இயல்பாகப் பிஎன்ஜியை எழுதும். அச்சகம் டிஃப் கேட்டால் `-tiff` என்று சேர்க்கலாம். விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் கோப்புறை முழுவதையும் இப்படி மாற்றலாம்:

```
for %f in (*.webp) do dwebp "%f" -o "%~nf.png"
```

கட்டளைகள் பிடிக்காதவர்களுக்கு ஜிம்ப் 2.10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருக்கிறது. அதில் வெப்பியைத் திறந்து, ஏற்றுமதி செய்யும்போது பெயரின் இறுதியில் `.png` என்று கொடுத்தால் வடிவம் உண்மையிலேயே மாறும். ஒரே செயல் போலத் தோன்றினாலும், இங்கே படம் விரிக்கப்பட்டு மறுபடி எழுதப்படுகிறது.

பிஎன்ஜி பெரிதாகிவிட்டதென்று ஜேபெக்குக்குத் தாவுவது

1080 × 2400 அளவுள்ள ஒரு திரையைச் சுருக்காமல் எழுதினால் ஏறக்குறைய 7.8 மெகாபைட் ஆகும். `dwebp` தரும் டிஃப் கோப்பு அந்த அளவையாவது எட்டும். பிஎன்ஜி அதைவிடச் சிறியதாக இருந்தாலும் மூல வெப்பியைவிடப் பல மடங்கு பெரிதாகலாம். அதைக் கண்டு அஞ்சி ஜேபெக்காக மாற்றுகிறவர்கள், எழுத்துகளைச் சுற்றி அழுக்குப் படிந்தது போன்ற புள்ளிகளைப் பெறுகிறார்கள். இழப்புள்ள வெப்பி, நிறத் தகவலை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கித்தான் சேமிக்கிறது. அதனால் சிவப்புப் பின்னணியில் இருக்கும் சிறிய வெள்ளை எழுத்தின் ஓரம் ஏற்கெனவே மங்கியிருக்கும். அதன்மேல் ஜேபெக்கின் சுருக்கமும் சேர்ந்தால், தமிழில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போகும். பிஎன்ஜி இழந்ததை மீட்டுத் தராது. புதிதாக எதையும் இழக்காது, அவ்வளவே.

ஜேபெக்தான் வேண்டும் என்று எதிர்ப்பக்கம் பிடிவாதம் பிடித்தால், நிறத்தைக் குறைக்காமல் உயர் தரத்தில் எழுதலாம். இமேஜ்மேஜிக்கில் அதற்கான கட்டளை:

```
magick 07.webp -sampling-factor 4:4:4 -quality 95 07.jpg
```

நீண்ட ஸ்கிரீன்ஷாட்டை வெப்பியில் எடுப்பது

வெப்பியில் எந்தப் பக்கமும் 16383 படப்புள்ளிகளைத் தாண்ட முடியாது. 2400 புள்ளி உயரத் திரை என்றால் ஏழு திரை நீளத்துக்குக்கூட இடமில்லை.

ஏதோ ஓர் இணையதளத்தில் ஏற்றி மாற்றுவது

உங்கள் ஸ்கிரீன்ஷாட்டில் வங்கி இருப்பு தெரிகிறது. ஏற்ற வேண்டாம்.

பழைய மென்பொருளுக்குப் பழைய செருகுநிரலைத் தேடுவது

பழைய படக்காட்டிகளுக்கு வெப்பியைக் கற்றுத்தரும் செருகுநிரல்கள் ஆங்காங்கே கிடைக்கின்றன. ஆனால் 2023 செப்டம்பரில், வெப்பியைப் படிக்கும் மூல நிரலகத்திலேயே கடுமையான பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. தயாரித்து அனுப்பப்பட்ட ஒரு படத்தைத் திறப்பதன் மூலமே தாக்குதல் நடத்த அது வழி தந்தது. அந்நிரலகத்தின் 1.3.2 பதிப்பில் அது சரிசெய்யப்பட்டது. அதற்கு முன் உருவாக்கப்பட்டுக் கைவிடப்பட்ட செருகுநிரலுக்குள் அந்த ஓட்டை அப்படியே இருக்கும். `dwebp` கருவியையும் 1.3.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாகப் பார்த்தே இறக்கிக்கொள்ள வேண்டும். `dwebp -version` என்று கொடுத்தால் பதிப்பு எண் தெரியும்.

மாற்றியவுடன் மூலத்தை அழிப்பது

மாற்றிய படம் அச்சகத்தின் கணினியில், அந்த மென்பொருளிலேயே திறக்கும் வரை அழிக்காதீர்கள்.